கொடுத்தாயிற்று

“அனைத்து வாடகைதாரர்களின் கவனத்திற்கு. எதிர்வரும் மாதம் முதல் வாடகைத் தொகையானது வங்கிப் பரிமாற்றம் மூலமாக மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படும். ரொக்கமாகவோ காசோலையாகவோ செலுத்தப்படும் வாடகை எக்காரணம் கொண்டும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. தவறும் பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும். இப்படிக்கு, உரிமையாளர்.”

அதற்குக் கீழே ஒரு கணக்கு எண், ஒரு ஐஎஃப்எஸ்சி குறியீடு. வீட்டுக்கார டீச்சருக்கு, கோயம்புத்தூரில் இருக்கும் மகன் கணினியில் அடித்து அனுப்பியது. டீச்சர் அந்தத் தாளை நாலாக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“இதக் கொஞ்சம் நம்ம பேசுற மாதிரி எழுதிக் குடுப்பா. நாளைக்கு ஒட்டணும்கிறான் மகன். எனக்கு என்னமோ மனசு ஒப்பல” என்றார்.

திண்டுக்கல் நாகல் நகரில் அவருடைய காம்பவுண்டு இருக்கிறது. உள்ளே ஆறு வீடுகள், தெருவைப் பார்த்து ஒரு கடை. நான் முப்பது வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். வாடகை நோட்டீசுகள் எத்தனையோ எழுதியிருக்கிறேன், அநேகமாக எல்லாமே சண்டை மூண்ட பிறகு எழுதியவை. சண்டை வருவதற்கு முன்னால் ஒரு நோட்டீசு எழுதச் சொல்லி யாரும் என்னிடம் வந்ததில்லை. அதனாலேயே இதை ஒரு இரவு முழுக்க மேசையில் வைத்திருந்தேன்.

முதலில் உறுத்தியது அந்த வினைச்சொல்தான். ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது. யார் ஏற்றுக்கொள்ள மாட்டார்? ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி சாயந்திரம் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரூபாய் நோட்டை எண்ணி, கோடு போட்ட நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவர் டீச்சர். ஆறு வீட்டுக்காரர்களும் அந்தக் கையெழுத்தை அறிவார்கள். அவரை அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துவிட்டால், வாடகையை மறுப்பது ஒரு சுவர்தான். அங்கே குடியிருக்கும் பூக்காரம்மா அந்தச் சுவரிடம் போய் என்ன கேட்பார்? ‘நான் வாங்கமாட்டேன்’ என்று எழுதினால் ‘ஏன் டீச்சர்?’ என்று கேட்க இடமிருக்கிறது.

ஏன் என்று நானே டீச்சரிடம் கேட்டேன். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பில் விரிசல். இனித் தனியாக இருக்க முடியாது, மகனோடு கோயம்புத்தூர் போகிறார். ஐந்தாம் தேதி திண்ணையில் உட்கார ஆள் இல்லை. காரணம் இவ்வளவுதான், ஆனால் மகன் எழுதிய தாளில் அது இல்லை. காரணம் சொல்லாத நோட்டீசு ஒட்டப்பட்ட காம்பவுண்டில் அன்று இரவு என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டை விற்கப்போகிறார்கள், நம்மைக் காலிபண்ணச் சொல்லத்தான் இது முதல் படி. விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டேன். “என் காலம் வரைக்கும் இல்ல” என்றார். அதையும் எழுதிவிடலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாடகையும் இப்ப ஏத்தலன்னு சேத்து எழுது” என்றார்.

அடுத்தது ‘வங்கிப் பரிமாற்றம்’. எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘அக்கவுண்ட்ல போட்டுட்டேன்’ என்பார்கள், ‘ஜிபே பண்ணிட்டேன்’ என்பார்கள். இரண்டும் ஒன்றா, இரண்டையும் டீச்சர் ஏற்பாரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. போன் நம்பருக்கு அனுப்பினால் அது யூபிஐ. கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சியும் போட்டு அனுப்பினால் நெஃப்ட்டாகவோ ஐஎம்பிஎஸ்ஸாகவோ போகும். வங்கிக் கவுண்ட்டரில் சலான் எழுதி டீச்சரின் கணக்கில் பணம் கட்டுவதும் கணக்கில் போடுவதுதான், ஆனால் கட்டுவது ரொக்கம். மகனுடைய வாக்கியத்தின்படி இது கூடுமா, கூடாதா? இரண்டு விதமாகவும் வாதாடலாம். இரண்டு விதமாக வாதாட முடிகிற ஒரு வாக்கியம் என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து நிற்கும் என்பது என் அனுபவம்.

இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துக்கொண்டு போனதில், அந்தத் தாளில் இல்லாமல் போனது எது என்பது விளங்க ஆரம்பித்தது. என்ன நடந்தால் வாடகை கொடுத்தாயிற்று என்று ஆகும்? அதைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

ரொக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே கிடையாது. பணம் கை மாறுகிற கணத்தில் கடன் தீர்கிறது, நோட்டில் விழும் கையெழுத்து அதற்குச் சாட்சி. முன்பக்கக் கடைக்காரர் மட்டும் காசோலை தருகிறார். காசோலை ஒரு நிபந்தனையோடு கொடுக்கப்படும் பணம். அது வங்கியில் பணமாகிவிட்டால், கொடுத்த தேதியிலேயே வாடகை செலுத்தியதாகக் கணக்கு. திரும்பி வந்தால் கொடுக்கவே இல்லை என்று ஆகும். கணக்கில் போடுகிற பணத்துக்கோ மூன்று தருணங்கள் இருக்கின்றன. அனுப்புகிறவர் கணக்கில் கழிகிறது, வாங்குகிறவர் கணக்கில் ஏறுகிறது, வாங்கியவர் அதைப் பார்த்து இன்னாருடைய பணம் என்று அறிகிறார். பெரும்பாலான நாட்களில் இந்த மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடியாத ஒரு நாள் வந்தால், எந்தத் தருணத்தை வைத்து ‘கொடுத்தாயிற்று’ என்பது?

வங்கிக் கணக்கில் வாடகை போடுவது இந்தக் காலத்துப் புதுமை என்று மகன் நினைத்திருக்கலாம். அப்படியில்லை. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தின் 8-ஆம் பிரிவில் அது இருந்தது, அதுவும் குடியிருப்பவரின் கையில் ஒரு ஆயுதமாக. வீட்டுக்காரர் வாடகை வாங்க மறுக்கிறார், அல்லது கண்ணில் படாமல் நழுவுகிறார் என்று வையுங்கள். நாலைந்து மாதம் வாங்காமலே இருந்துவிட்டு ‘வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார்’ என்று காலிசெய்ய வழக்குப் போடுவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். அதற்கு மாற்றாகத்தான் அந்தப் பிரிவு. குடியிருப்பவர் ஒரு நோட்டீசு அனுப்பி, ‘பத்து நாளைக்குள் ஒரு வங்கியின் பெயரைச் சொல்லுங்கள், அதில் உங்கள் கணக்கில் வாடகையைப் போடுகிறேன்’ என்று கேட்கலாம். அந்த வங்கி அதே ஊரில் இருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் சொன்னது, குடியிருப்பவர் அலையக்கூடாது என்பதற்காக. வீட்டுக்காரர் வங்கியைச் சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்ப வேண்டும். மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம். அதையும் வாங்காமல் திருப்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்டலாம்.

அந்த நோட்டீசை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆனால் படி தவறக்கூடாது. முதல் படியை விட்டுவிட்டு மூன்றாம் படிக்குத் தாவியவர்கள் தோற்றிருக்கிறார்கள். இ. பழனிசாமி எதிர் பழனிசாமி என்ற தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் வாடகையை வாங்கவில்லை என்பது மட்டும் போதாது, சட்டம் சொன்ன வரிசையில் வங்கியின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பணம் கையில் இருந்தது, கொடுக்க மனமும் இருந்தது. கொடுத்த விதம் சரியில்லாததால் அந்தக் குடியிருப்பவருக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. இந்தத் தீர்ப்பை எங்கள் அலுவலகத்தில் படித்த நாளில் எனக்கு வந்த வருத்தம் இன்றும் குறையவில்லை.

அந்தச் சட்டம் போய், 2017-இல் இயற்றப்பட்ட நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். வாடகைக்கு ரசீது பெறும் உரிமை இதிலும் உண்டு. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால் அதிகாரியிடம் செலுத்தும் வழியும் உண்டு. இங்கேதான் மகனுடைய வாக்கியம் அவருடைய அம்மாவையே கடிக்கிறது. ரொக்கம் வாங்கித்தான் இத்தனை வருடமும் பழக்கம். ஒரு ஐந்தாம் தேதி ஒருவர் ரொக்கத்தோடு வந்து நிற்கிறார், ‘எக்காரணம் கொண்டும்’ வாங்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் சுவரில் இருக்கிறது. வாடகை வாங்க மறுத்தார் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சியம் வேறு என்ன வேண்டும்? கொடுக்கும் முறையை மாற்ற இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆகவே நோட்டீசு கட்டளையாக இருந்து பயனில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் படித்துப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டுத் தரக்கூடிய கடிதமாக அது இருக்க வேண்டும்.

சரி, அந்த மூன்று தருணங்களுக்கு வருகிறேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 50-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. எந்த முறையில் நிறைவேற்றும்படி ஒருவர் கேட்கிறாரோ, அந்த முறையில் செய்து கொடுத்தாலே வாக்கு நிறைவேறியது என்கிறது. அதன் கீழ் உள்ள உதாரணங்களில் கடைசி உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவருக்கு நூறு ரூபாய் வர வேண்டியிருக்கிறது. அவர் கடன்காரரிடம், நூறு ரூபாய் நோட்டைத் தபாலில் அனுப்பச் சொல்கிறார். சரியான முகவரி எழுதி, நோட்டை உறையில் வைத்துத் தபாலில் சேர்த்த உடனேயே கடன் தீர்ந்துவிடுகிறது. கடிதம் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழியில் தொலைந்தால் அது தபாலில் அனுப்பச் சொன்னவரின் நஷ்டம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய இந்த உதாரணம் நாகல் நகர்க் காம்பவுண்டுக்கு அப்படியே பொருந்துகிறது. கணக்கில் போடு என்று வழியைச் சொல்பவர் டீச்சர். அப்படியென்றால் அந்த வழியில் நேரும் தடங்கலும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். குடியிருப்பவரின் பொறுப்பு முகவரியைச் சரியாக எழுதுவதோடு முடிகிறது. இங்கே முகவரி என்பது கணக்கு எண்.

அந்த முகவரி சரியாக இருந்ததா என்று அடுத்த நாள் காலை பார்த்தேன். இல்லை.

மகன் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பழைய பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எடுத்திருந்தார். டீச்சருடைய வங்கி, 2020 ஏப்ரல் 1 அன்று பெரிய வங்கிகளோடு இணைக்கப்பட்ட வங்கிகளில் ஒன்று. இணைந்த பிறகு கிளைகளின் குறியீடுகள் மாறின. உதாரணமாக, கனரா வங்கியோடு சேர்ந்த சிண்டிகேட் வங்கியின் கிளைகளுக்கு SYNB என்று தொடங்கும் குறியீடு இருந்தது, 2021 ஜூலையிலிருந்து அது செல்லாது. பழைய பாஸ்புத்தகம் தீராமல் பீரோவில் இருந்ததால் பழைய குறியீடும் அதில் உயிரோடு இருந்தது. டீச்சரையும் அழைத்துக்கொண்டு கிளைக்கே போய், புதிய பாஸ்புத்தகத்தில் அச்சிட்டு வாங்கி வந்தோம்.

குறியீடு தவறாக இருந்தால் பெரும்பாலும் பணம் போகவே போகாது, அல்லது போய்த் திரும்பி வந்துவிடும். மனத்தாங்கலோடு போகும், நஷ்டம் இல்லை. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் தவறி, அந்தத் தவறான எண்ணில் யாரோ ஒருவருக்கு உண்மையிலேயே கணக்கு இருந்துவிட்டால் விஷயம் வேறு. நெஃப்ட்டில் பணம் எண்ணைப் பார்த்துத்தான் ஏறும். நீங்கள் அடித்த பெயரும் கணக்கிலுள்ள பெயரும் ஒன்றா என்று வங்கி ஒத்துப் பார்ப்பதில்லை. ஏறிய பணத்தை அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் திரும்ப எடுப்பது கடினம். இதற்காகத்தான் 2025 ஏப்ரல் 1-க்குள், அனுப்பும் முன்பே கணக்குக்காரரின் பெயரைக் காட்டும் வசதியை நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. யூபிஐயில் முன்பிருந்தே பெயர் தெரிகிறது.

பெயர் தெரிவதிலும் இந்தக் காம்பவுண்டில் ஒரு சிக்கல் இருந்தது. பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கும் மூன்றாம் வீட்டு அண்ணன் அங்கே 22 வருடமாகக் குடியிருக்கிறார். டீச்சருடைய பெயர் என்ன என்று கேட்டேன். “டீச்சர்தான்” என்றார். கணக்கில் இருப்பதோ, யாரும் கூப்பிடாத முழுப் பெயர், முன்னால் கணவரின் எழுத்து. திரையில் அந்தப் பெயர் வந்தால், யாரோ ஒருவருக்குப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். அல்லது பெயரைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள், அது இன்னும் மோசம். நோட்டீசில் கணக்கு எண்ணுக்கு மேலே, திரையில் எப்படி வருமோ அப்படியே ஆங்கில எழுத்தில் பெயரைப் போட்டேன்.

கணக்கு எண்ணை நாலு நாலு இலக்கமாகப் பிரித்து அச்சடித்தேன். பூட்டுக்கார அண்ணன் அதை வாங்கி, ஒவ்வொரு இலக்கமாகக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு, முதலில் இடமிருந்து வலமாகவும் பிறகு வலமிருந்து இடமாகவும் படித்தார். லீவர் பூட்டில் எல்லா லீவரும் அதனதன் மட்டத்துக்கு ஏறினால்தான் திறக்கும், ஒன்று குறைந்தாலும் திறக்காது என்றார். பின்னாலிருந்து படித்தால் கண் ஏமாறாது என்பது அவர் பட்டறைப் பழக்கமாம். ஐஎஃப்எஸ்சியில் மொத்தம் 11 எழுத்து, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல என்று சொன்னேன். “அப்ப அத எழுதிப் போடுங்க, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார். எழுதினேன்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகும் இரண்டு வீட்டுக்காரர்களுக்குச் சம்பளமே கணக்கில்தான் வருகிறது, அவர்களுக்கு இதில் கஷ்டம் ஏதும் இல்லை. கடைக்காரருக்கும் இல்லை. பூக்காரம்மாவிடம்தான் நான் அதிக நேரம் இருந்தேன். பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் உதிரி வாங்கி, கட்டி, தெருத்தெருவாக விற்கிறவர். ஒருநாள் ஐந்நூறு, மூன்று நாள் கழித்து ஆயிரம் என்று டீச்சரிடம் கொண்டுவந்து கொடுத்து, பத்தாம் தேதிக்குள் 4,500 ரூபாயை முடிப்பார். டீச்சர் அவருடைய நோட்டில் நாலு வரி எழுதி, கடைசியில் ஒரு கோடு போடுவார். இது எழுதாத ஒப்பந்தம். ‘ஐந்தாம் தேதிக்குள் கணக்கில் போட வேண்டும்’ என்று பொதுவாக எழுதிவிட்டால், இத்தனை வருடமாக இருந்துவந்த அந்த ஐந்து நாளை யாரும் அறியாமல் பிடுங்கிக்கொண்டதாக ஆகும்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். மகள் கணக்கிலிருந்து போடச் சொல்லலாமா என்று கேட்டேன். “மகளுக்குக் கல்யாணமாகிருச்சு தம்பி. மாப்பிள்ள பேர்ல வாடகை போச்சுன்னா, நாளைக்கு வீட்ல குடியிருக்கிறது யாருன்னு கேக்க மாட்டாங்களா?” அவர் கேட்டது அப்பட்டமான சட்டக் கேள்வி. வேறொருவர் கணக்கிலிருந்து தொடர்ந்து வாடகை வந்தால், உள்வாடகைக்கு விட்டுவிட்டார் என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும். ஆகவே யாருடைய கணக்கிலிருந்து வந்தாலும், குறிப்பில் எந்த வீட்டின் எண் இருக்கிறதோ அந்த வீட்டு வாடகையாகவே வரவு வைக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். பூக்காரம்மாவுக்கு அதைவிடச் சலான் பிடித்திருந்தது. மார்க்கெட்டிலிருந்து வரும் வழியில் வங்கிக் கிளை இருக்கிறது. பணத்தைக் கட்டினால் முத்திரை குத்திய துண்டைக் கிழித்துத் தருவார்கள். அது கையில் இருக்கும் என்றார். 1960-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டடம் இருக்கும் ஊரிலேயே ஒரு வங்கி என்று நினைத்தது இந்த அம்மாவை மனதில் வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றியது.

ரசீதைப் பற்றி டீச்சரின் மகனோடு போனில் பேசினேன். கணக்கில் வந்த பிறகு ரசீது எதற்கு, வங்கியே சாட்சி என்றார். முழுக்கத் தவறில்லை. ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், மின்னணு முறையில் வாடகை செலுத்தினால் வங்கியின் ஒப்புகையே முடிவான சாட்சி என்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்குக் கொடுத்த மாதிரிதான். அதோடு, வங்கியின் வரி 4,500 ரூபாய் வந்தது என்று மட்டும் சொல்லும். எந்த மாதத்துக்கு, வாடகைக்கா, அட்வான்சுக்கா, பழைய பாக்கிக்கா என்று சொல்லாது. அதைச் சொல்வது டீச்சரின் நோட்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் டாக்டரைப் பார்க்கத் திண்டுக்கல் வருவார், அப்போது எல்லா நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போடலாம் என்று முடிவானது. மகன் கடைசியில், “அம்மாவுக்கும் அது வேணும்னுதான் தோணுது அண்ணே” என்றார்.

இன்னொன்று மிச்சமிருந்தது. கணக்கு எண் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள் என்று டீச்சர் பெயரில் யாராவது வாட்ஸப் அனுப்பினால்? நேரில் பார்க்காமல் பணம் போகத் தொடங்கும் இடத்தில் இந்த ஏமாற்று சீக்கிரம் நுழையும். முதல் நோட்டீசிலேயே அதற்கு அணை கட்டிவிட வேண்டும்.

எழுதி முடித்தது இது. சுவரில் ஒட்டவில்லை. கணக்கு எண் தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டாம் என்பதோடு, கையில் கொடுப்பதுதான் மரியாதை என்று டீச்சர் சொன்னார்.

“நம் காம்பவுண்டில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். உடம்புக்கு முடியாததால் நான் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கப் போகிறேன். ஐந்தாம் தேதி நேரில் வாடகை வாங்க என்னால் முடியாது. அதனால் ஜூன் மாத வாடகையிலிருந்து என் வங்கிக் கணக்கில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். வீட்டை விற்கவில்லை. வாடகையை இப்போது ஏற்றவில்லை.

போன் வழியாகவோ, கணக்கு எண் போட்டோ, வங்கியில் சலான் எழுதியோ போடலாம். மொத்தமாகவோ பிரித்தோ போடலாம். இதுவரை எந்தத் தேதிக்குள் கொடுத்தீர்களோ அதே தேதி. குறிப்பில் வீட்டு எண்ணும் மாதமும் எழுதுங்கள். யார் கணக்கிலிருந்து வந்தாலும் குறிப்பில் உள்ள வீட்டின் வாடகையாகவே வரவு வைப்பேன்.

கீழே உள்ள எண்ணுக்குச் சரியாக அனுப்பிவிட்டால், அனுப்பிய தேதியே நீங்கள் வாடகை கொடுத்த தேதி. உங்கள் கணக்கில் பணம் கழிந்து எனக்கு வரவில்லை என்றால் உடனே இன்னொரு முறை அனுப்ப வேண்டாம். எனக்குச் சொல்லுங்கள், மறுநாள் பார்க்கலாம். அதைத் தாமதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள். வந்துவிட்டது என்று நானே போன் செய்வேன். அதன் பிறகு மீதியை அனுப்பினால் போதும். அந்த ஒரு ரூபாயும் வாடகையில் சேரும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து உங்கள் நோட்டில் கையெழுத்துப் போடுவேன். இந்தக் கணக்கு மாறினால் நானே நேரில் வந்து கையெழுத்திட்ட கடிதம் தருவேன். போனிலோ வாட்ஸப்பிலோ யார் சொன்னாலும், என் பெயரில் சொன்னாலும், நம்ப வேண்டாம். மோட்டார், குழாய் எது பழுதானாலும் எப்போதும்போல எனக்கே போன் செய்யுங்கள்.”

பணம் கழிந்து போய்ச் சேராவிட்டால் மறுநாள் என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. யூபிஐயில் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் ஏறாத பணம் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி. ஐந்தாம் தேதி இரவு பதற்றத்தில் இரண்டு முறை அனுப்பிவிட்டு, திரும்பக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஆறு வீட்டிலும் கடையிலும் படித்துக் காட்டினோம். ஒவ்வொருவரும் ஒரு பிரதியில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். பூக்காரம்மா, “அனுப்பிய தேதியே கொடுத்த தேதி” என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ‘நீங்க சலான் கட்டுற தேதிதான்’ என்று டீச்சர் விளக்கினார்.

ஜூன் முதல் வாரம் கோயம்புத்தூரிலிருந்து டீச்சர் போன் செய்தார். மகன் கணக்கின் வரவைத் திரையில் காட்டியிருக்கிறார். ஆறு ஒற்றை ரூபாய்கள், ஒவ்வொன்றுக்கும் அவர் போன் செய்து சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் கால் மணி நேரம் மோட்டாரைப் பற்றிப் பேசினார்களாம். மூன்றாம் வீட்டிலிருந்து மறுநாள் 4,999 வந்திருந்தது. பூக்காரம்மாவுடைய ஒரு ரூபாய் மட்டும் வரவில்லை. ஒரு ரூபாய்க்குச் சலான் எழுதக் கூச்சப்பட்டு, நேராக ஐந்நூறாகவே கட்டியிருந்தார். குறிப்பில் வங்கிக்காரர் ஒன்றும் எழுதவில்லை. “அது யாருதுன்னு எனக்கு வேற யாரும் சொல்லணுமா?” என்றார் டீச்சர்.